அதே மூட்டை, அதே விலை, மூன்று இலாபம்

கிளிநொச்சியில் ஏ9 வீதியை ஒட்டிப் பசளை விற்கும் கடை ஒன்றுக்கு, காலபோக விதைப்பு தொடங்கும் முன்பு கொள்வனவு, விற்பனை, இருப்பு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பதியும் ஈ.ஆர்.பி. மென்பொருள் நிறுவப் போயிருந்தேன். கொப்பியில் எழுதி வந்த இருப்பைக் கணினிக்கு மாற்றும் வேலை. பொருட்களைப் பதிந்துகொண்டு வரும்போது, இருப்பை எந்த முறையில் மதிப்பிடுவது என்று திரை கேட்டது. கொள்வனவும் விற்பனையும் சிலவற்றைப் பரிசோதனைக்காக ஒவ்வொரு முறையிலும் தனித்தனியாகப் பதிந்து காட்டினேன். ஒவ்வொரு தடவையும் இலாபம் மாறியது. கடைக்காரர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"தம்பி, வாங்கிய விலையும் மாறவில்லை, விற்ற விலையும் மாறவில்லை. இலாபம் மட்டும் எப்படி மாறுகிறது?"

அன்று அவருக்குப் போட்டுக் காட்டிய கணக்கையே இங்கேயும் தருகிறேன். எண்கள் சந்தை விலைகள் அல்ல. மனக்கணக்காகவே தொடர்ந்து வரலாம் என்பதற்காக முழு எண்களாக வைத்தவை.

முதலில் 100 மூட்டை யூரியா, மூட்டை 8,000 ரூபாய்க்கு வருகிறது. பிறகு விலை ஏறி, இன்னொரு 100 மூட்டை 10,000 ரூபாய்க்கு வருகிறது. மொத்தக் கொள்வனவு 1,800,000 ரூபாய். அதில் 120 மூட்டைகளை 11,000 ரூபாய் வீதம் விற்கிறார். விற்பனை வருமானம் 1,320,000. களஞ்சியத்தில் 80 மூட்டை மிஞ்சுகிறது. இதுவரை யாருக்கும் சந்தேகமில்லை. கேள்வி ஒன்றுதான்: செலவழித்த 1,800,000 ரூபாயில், விற்ற 120 மூட்டைகளுக்கு எவ்வளவு, மிஞ்சிய 80 மூட்டைகளுக்கு எவ்வளவு?

முதல் உள் முதல் வெளி என்ற முறையில், முதலில் வந்த விலை முதலில் வெளியேறும். 8,000 ரூபாய் மூட்டைகள் நூறும், 10,000 ரூபாய் மூட்டைகளில் இருபதும் போனதாகக் கணக்கு. விற்ற மூட்டைகளுக்கான செலவு, அதாவது விற்பனைக் கிரயம், 1,000,000. இலாபம் 320,000. மிஞ்சிய 80 மூட்டைகளின் பெறுமதி 800,000.

நிறையிட்ட சராசரி முறையில் இருநூறு மூட்டைகளுக்கும் பொதுவான ஒரு விலை வருகிறது. 1,800,000 ரூபாயை 200 ஆல் வகுத்தால் 9,000. விற்பனைக் கிரயம் 1,080,000, இலாபம் 240,000, மிஞ்சிய இருப்பு 720,000.

இரண்டுக்கும் வித்தியாசம் 80,000 ரூபாய். இலாபத்தில் கூடிய அதே 80,000 இருப்பிலும் கூடியிருப்பதைக் கவனியுங்கள். இருப்பில் எவ்வளவு தங்குகிறதோ, அவ்வளவு விற்பனைக் கிரயத்தில் குறைகிறது. மிஞ்சிய 80 மூட்டைகளை அடுத்த வருடம் அதே 11,000 ரூபாய்க்கு விற்றால், முதல் முறையில் 80,000 ரூபாய் இலாபம், சராசரி முறையில் 160,000. இரண்டு வருடத்தையும் கூட்டினால் இரண்டிலும் 400,000. ஆக, முறை மாறினால் இலாபம் எந்த வருடத்துக்குப் போய்ச் சேர்கிறது என்பதே மாறுகிறது. கம்பனியாகப் பதிந்து 30 சதவீத வரி செலுத்தும் வணிகத்துக்கு, அந்த 80,000 இந்த வருடம் வருவதா அடுத்த வருடம் வருவதா என்பது 24,000 ரூபாய் வரியை இப்போது கட்டுவதா பிறகு கட்டுவதா என்பதாகும்.

தலைப்பில் மூன்று இலாபம் என்றேன். மூன்றாவது ஈ.ஆர்.பி. உள்ளே வேலை செய்யும் விதத்தால் வருவது. மேலே போட்ட சராசரி, வருட முடிவில் எல்லாவற்றையும் கூட்டி ஒரே தடவையில் வகுத்த சராசரி. மென்பொருள் வருட முடிவு வரை காத்திருப்பதில்லை. ஒவ்வொரு லொறி இறங்கும்போதும் சராசரியைப் புதிதாகக் கணக்கிடுகிறது. இதை நகரும் சராசரி என்கிறார்கள். குளத்துக்குப் புது வெள்ளம் வருவதைப் போன்றது இது. வந்து கலந்தபின் எது பழைய தண்ணீர், எது புதியது என்று பிரிக்க முடியாது. ஆனால் வெள்ளம் வருமுன் வாய்க்காலில் போன தண்ணீர் பழைய தண்ணீர்தான்.

120 மூட்டைகளில் 60 மூட்டை இரண்டாவது லொறி வருமுன்பே விற்றுவிட்டதாக வைத்துக்கொள்வோம். அந்த 60 மூட்டைகளும் 8,000 ரூபாய்க் கிரயத்தில், அதாவது 480,000 ரூபாயாகப் போய்விட்டன. களஞ்சியத்தில் 320,000 ரூபாய் பெறுமதியான 40 மூட்டைகள். அவற்றோடு 1,000,000 ரூபாய் பெறுமதியான 100 மூட்டைகள் சேர, 140 மூட்டைகளுக்கு 1,320,000 ரூபாய். புதிய சராசரி 9,428.57. அடுத்த 60 மூட்டைகள் இந்த விலையில் வெளியேற, விற்பனைக் கிரயம் மொத்தமாக 1,045,714. இலாபம் 274,286. விற்பனை எந்த நாளில் நடந்தது என்பது நகரும் சராசரியை இப்படி மாற்றிவிடுகிறது. முதல் உள் முதல் வெளி முறையில் அதே விற்பனைகளை இந்த வரிசையில் போட்டாலும் 320,000 தான் வரும்.

காரணம், அந்த முறையில் மென்பொருள் விலைகளை ஒரு வரிசையாகவே வைத்திருக்கிறது. ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட் மென்பொருளில் ஒவ்வொரு இருப்புப் பதிவுக்கும் `stock_queue` என்றொரு புலம் உண்டு. நமது கணக்கில் அது இப்படி மாறும்:

```
[[100, 8000]]
[[40, 8000]]
[[40, 8000], [100, 10000]]
[[80, 10000]]
```

ஒவ்வொரு அடைப்பும் ஓர் அடுக்கு: எத்தனை மூட்டை, என்ன விலை. சராசரி முறைக்கு இத்தனை அடுக்குகள் தேவையில்லை. மொத்த எண்ணிக்கை, மொத்தப் பெறுமதி என்ற இரண்டு எண்களே போதும்.

கடைக்காரர் இந்த இடத்தில் மறித்தார். "எங்கள் களஞ்சியத்தில் கடைசியாக இறக்கிய மூட்டைதான் மேலே கிடக்கும். பொடியன் அதைத்தான் முதலில் எடுப்பான்." உண்மைதான். கணக்கில் வரிசையாக வெளியேறுவது விலைதான். எந்த மூட்டையைத் தோளில் தூக்கினார்கள் என்று இலாபக் கணக்கு கேட்பதில்லை. ஈரம் இழுத்து யூரியா கட்டியாகிவிடக் கூடாது என்பதற்காகப் பழைய மூட்டையை முதலில் எடுப்பது களஞ்சியத்தின் ஒழுங்கு. அது வேறு, இது வேறு. முறையைத் தெரிவுசெய்துவிட்டால் களஞ்சியமும் தானாக ஒழுங்காகிவிடும் என்று நம்பி ஏமாந்தவர்களைக் கண்டிருக்கிறேன்.

இனி எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது. 320,000 ரூபாய் இலாபம் என்று திரை சொல்கிறது. அதை எடுத்து வீடு கட்டலாமா? விற்ற 120 மூட்டைகளைத் திரும்ப வாங்கி அடுக்க இன்றைய விலையில் 1,200,000 ரூபாய் வேண்டும். விற்றுக் கையில் வந்தது 1,320,000. எனவே கடையைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தபின் மிஞ்சுவது 120,000 மட்டுமே. மீதி 200,000 ரூபாய், மூட்டை களஞ்சியத்தில் கிடந்தபோது விலை ஏறியதால் கணக்கில் வந்த இலாபம். சராசரி முறை காட்டும் 240,000 இலும் இப்படி 120,000 ஒளிந்திருக்கிறது. விலை ஏறும் காலத்தில் இரண்டு முறைகளுமே இலாபத்தைக் கூட்டிக் காட்டுகின்றன. முதல் உள் முதல் வெளி அதிகமாகக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

2022 இல் இது ஏட்டுக்கணக்காக இருக்கவில்லை. 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அந்த வருட நவம்பரில் தடை நீங்கியது. அடுத்த வருடம் மார்ச்சுக்கும் மேக்கும் இடையில் டொலர் ஏறக்குறைய 200 ரூபாயிலிருந்து 360 ரூபாயளவுக்குப் போனது. அப்படிப்பட்ட மாதங்களில் பழைய விலை இருப்பை வைத்திருந்த கடையின் கணக்கில் பெரிய இலாபம் தெரியும், ஆனால் அதே பணத்தில் பாதி மூட்டைகளைக்கூடத் திரும்ப வாங்க முடியாது. இலாபத்தை நம்பிப் பணத்தை வெளியே எடுப்பவர் அடுத்த போகத்துக்குக் கடனுக்கு அலைவார்.

விலை இறங்கும்போது எல்லாம் தலைகீழாகும். மிஞ்சிய 80 மூட்டைகளை இனி 9,500 ரூபாய்க்குத்தான் விற்க முடியும் என்றால் என்ன நடக்கும்? இலங்கைக் கணக்கீட்டு நியமம் 2 இன்படி இருப்பை அதன் கிரயம், விற்றால் செலவு போகக் கையில் வரக்கூடிய தொகையான தேறிய தேறத்தக்க பெறுமதி ஆகிய இரண்டில் குறைந்ததில் காட்ட வேண்டும். முதல் உள் முதல் வெளி முறையில் கிரயம் 10,000 என்பதால் மூட்டைக்கு 500 வீதம் 40,000 ரூபாயை உடனே நட்டமாக எழுத வேண்டும். சராசரி முறையில் கிரயம் 9,000, எதுவும் எழுதத் தேவையில்லை. விற்பனைச் செலவை நான் இங்கே சேர்க்கவில்லை. சேர்த்தால் நட்டம் இன்னும் கூடும்.

சராசரி முறைக்கு ஒரு பலவீனம் உண்டு. பதிவில் ஒரு பிழை விழுந்தால் அதுவும் கலந்துவிடும். வன்னிக் கடைகளில் அடிக்கடி நடப்பது இது: கொழும்பிலிருந்து லொறி இரவில் வருகிறது, விடியற்காலையிலேயே மூட்டைகள் விற்றுப்போகின்றன, கொள்வனவுப் பற்றுச்சீட்டு இரண்டு நாள் கழித்தே பதியப்படுகிறது. மென்பொருளில் இருந்தவை 8,000 ரூபாய் வீதம் 10 மூட்டைகள். 30 விற்றதாகப் பதிந்தால் இருப்பு கழித்தல் 20, பெறுமதி கழித்தல் 160,000. பிறகு 10,000 ரூபாய் வீதம் 100 மூட்டைகள் பதியப்படுகின்றன.

```
(-160000 + 1000000) / (-20 + 100) = 10500
```

மூட்டை 10,500 ரூபாய். ஆனால் அந்த விலைக்கு ஒரு மூட்டைகூட யாரும் வாங்கவில்லை. விற்ற 20 மூட்டைகளுக்குக் குறைவாகப் போட்ட கிரயம், மிஞ்சிய 80 மூட்டைகளின் தலையில் ஏறியிருக்கிறது. எல்லா மென்பொருளும் இதை ஒரே மாதிரிக் கையாள்வதில்லை. சில வித்தியாசத்தைத் தனிக் கணக்குக்குத் தள்ளிவிடும், சில பற்றுச்சீட்டின் திகதிக்குத் திரும்பிப் போய் அடுத்த பதிவுகளையெல்லாம் மறுபடி கணக்கிடும். கண்டுபிடிக்கும் வழி எளிது. லொறிக் கூலியும் சேர்ந்த கொள்வனவு விலைகளில் மிகக் குறைந்ததையும் மிக உயர்ந்ததையும் பாருங்கள். சராசரி அவற்றுக்கு வெளியே நின்றால் பதிவில் பிழை இருக்கிறது. ஈ.ஆர்.பி.நெக்ஸ்டில் `Allow Negative Stock` என்ற அமைப்பை நிறுத்திவைத்தால், பற்றுச்சீட்டைப் பதியாமல் விற்கவே முடியாது. காலையில் வரிசையில் நிற்பவர்களை வைத்துக்கொண்டு அது சிரமம்தான். ஆனாலும் நான் நிறுத்தித்தான் வைப்பேன்.

எந்த முறையைத் தெரிவுசெய்வது? இந்த இரண்டு முறைகளையும் நியமம் அனுமதிக்கிறது, கடைசியாக வந்தது முதலில் போவதாகக் கொள்ளும் முறையை அனுமதிப்பதில்லை. தன்மையும் பயன்பாடும் ஒத்த பொருட்களுக்கு ஒரே முறை வேண்டும். கிளிநொச்சிக் கிளைக்கு ஒன்று, முல்லைத்தீவுக் கிளைக்கு வேறொன்று என்று இடத்தைக் காரணமாகச் சொல்ல முடியாது. ஆனால் பொருளின் தன்மையே வேறாக இருந்தால் முறையும் வேறாகலாம். அரிசி ஆலைக்காரர் கேட்டால் நெல்லுக்குச் சராசரி என்பேன். பரந்தனில் வாங்கிய நெல்லும் முறிகண்டியில் வாங்கிய நெல்லும் ஒரே குவியலில் கலந்துவிடுகின்றன. அங்கே அடுக்குகளை வைத்திருப்பது இல்லாத ஒன்றை எண்ணுவதாகும். ஆலைக்கு இந்தத் தெரிவு பெரியது. காலபோக அறுவடை முடிந்து களஞ்சியம் நிறைந்திருக்கும்போதுதான் மார்ச் 31 இல் கணக்கு வருடம் முடிகிறது. மிஞ்சிய இருப்பு கூடக் கூட, முறையால் வரும் வித்தியாசமும் கூடும்.

கிருமிநாசினிப் போத்தல்களுக்குத் தொகுதி எண்ணும் காலாவதித் திகதியும் உண்டு. எந்தத் தொகுதி எந்த விலைக்கு வந்தது என்பது ஏற்கனவே பதிவாகிறது. அவற்றுக்கு முதல் உள் முதல் வெளி பொருந்தும்.

யூரியாவுக்கு என்ன போடலாம் என்று இருவரும் நெடுநேரம் பேசினோம். முதல் உள் முதல் வெளி முறை வைத்தால் மிஞ்சிய இருப்பு இன்றைய விலைக்கு அருகில் நிற்கும், வங்கியில் இருப்பைக் காட்டிக் கடன் கேட்க அது உதவும் என்றேன். அவர் யோசித்துவிட்டு, "கூடிய இலாபத்தைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது" என்று சராசரியைத் தெரிவுசெய்தார். ஒரு தடவை தெரிவுசெய்தபின் மாற்றுவதானால் மாற்றத்துக்குத் தகுந்த காரணம் காட்டி, முந்தைய வருடக் கணக்கையும் புதிய முறையில் திருத்திக் காட்ட வேண்டும் என்பதை அவருக்குச் சொன்னேன். பரிசோதனைப் பதிவுகளை அழித்துவிட்டு, கொப்பியில் இருந்த 46 மூட்டைகளையும் அவற்றின் பற்றுச்சீட்டு விலையோடு ஆரம்ப இருப்பாகப் பதிந்தோம்.