இட்லி சாப்பாட்டில் சேருமா?

சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம் மாத்திரை எடுத்துவரும் தம் தாயாரைப் பற்றி ஒரு வாசகர் எழுதியிருந்தார். மருந்துக்கடைக்காரர் உறைமேல் "தினமும் இருவேளை, சாப்பாட்டுக்குப் பின்" என்று எழுதிக்கொடுத்திருக்கிறார். அந்த அம்மையாரோ பல வாரங்களாக மதியம் ஒன்றும் இரவு ஒன்றும் விழுங்கிவந்திருக்கிறார். ஏன் என்று கேட்டதற்கு, "காலையில் இட்லிதானே தின்கிறேன், சாப்பாடா சாப்பிடுகிறேன்?" என்பது பதில். இதில் யார் பிழை என்பது வாசகரின் கேள்வி.

அம்மையாரின் பிழையன்று. உறையில் இருப்பது "twice daily, after food" என்னும் ஆங்கிலக் குறிப்பின் தமிழாக்கம். ஆங்கிலத்தில் உணவைக் குறிக்கும் பொதுச்சொல்லுக்குள் இட்லியும் அடங்கும், சோறும் அடங்கும். தமிழில் "சாப்பாடு" என்றால் பலருக்கும் அது சோறு. காலையில் உண்பது பலகாரம் அல்லது டிபன். மதியமும் இரவும் சோறு உண்பவருக்கு இருவேளைச் சாப்பாடு என்பது அந்த இரண்டு வேளைகளே. எழுத்தில் இருந்ததை அவர் அப்படியே பின்பற்றியிருக்கிறார்.

அதனால் என்ன கெடும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். காலை எட்டு, இரவு எட்டு என்றால் இரு மாத்திரைகளுக்கும் இடையே 12 மணி நேரம். மதியம் ஒன்று, இரவு எட்டு என்றால் ஓர் இடைவெளி 7 மணி, மற்றொன்று 17 மணி. இரத்தத்தில் மெட்ஃபார்மினின் அளவு பாதியாகக் குறைய ஏறத்தாழ 6 மணி நேரம் ஆகிறது. ஆகவே 12 மணி நேரத்தில் கால் பங்கு எஞ்சும். 17 மணி நேரத்தில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்குதான் எஞ்சும். நாளொன்றுக்கு இரண்டு மாத்திரை என்னும் கணக்கு சரியாகவே இருப்பதால், உறையில் மீதமுள்ளதை எண்ணிப் பார்த்தாலும் இந்தத் தவறு தெரியாது.

எனக்கு மிகவும் வியப்பளிப்பது, மொழிபெயர்ப்பாளர்கள் வழக்கமாகச் செய்யும் சோதனையும் இதைப் பிடிக்காது என்பதே. தமிழ் வாசகத்தை வேறொருவரிடம் கொடுத்து மீண்டும் ஆங்கிலமாக்கச் சொன்னால், முதலில் இருந்த அதே ஆங்கிலம் பழுதின்றித் திரும்பிவரும். மூலத்திலேயே எந்த நேரம், எத்தனை மாத்திரை, எது உணவு என்பவை சொல்லப்படாமல் படிப்பவரின் ஊகத்துக்கு விடப்பட்டிருக்கின்றன. அந்த ஓட்டையும் இரு மொழிகளுக்கிடையே பத்திரமாகப் போய்வருகிறது. இந்த ஓட்டை ஆங்கிலம் பேசுவோரையும் விடுவதில்லை. அமெரிக்காவில் 2006இல் வெளியான ஓர் ஆய்வில், "இரண்டு மாத்திரை, தினம் இருமுறை" என்ற குறிப்பை வாசிப்புத்திறன் குறைந்த நோயாளிகளில் சுமார் 71 சதவீதத்தினர் சரியாகச் சொன்னார்கள். ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை என்று எடுத்துக் காட்டச் சொன்னபோதோ, சுமார் 35 சதவீதத்தினரே நான்கை எடுத்துக் காட்டினார்கள்.

எனவே எத்தனை வேளை என்று சொல்லாமல் எந்தப் பொழுது என்று சொல்ல வேண்டும். கலிஃபோர்னிய மருந்து லேபிள் விதிகள் "காலையில் 1, படுக்கும் நேரத்தில் 1" என்ற பாணியைப் பரிந்துரைப்பது இதனால்தான். நம் மருத்துவர்கள் எழுதும் 1-0-1 அதே எண்ணத்தில் பிறந்ததுதான். ஆனால் முதல் இடம் காலை, நடு இடம் மதியம், கடைசி இடம் இரவு என்று யாராவது சொல்லிக் கொடுத்திருந்தால்தான் அது விளங்கும். அந்த அம்மையாரின் உறைக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "காலையில் இட்லி, தோசை, கஞ்சி என எதைச் சாப்பிட்டாலும், சாப்பிட்டவுடன் 1 மாத்திரை விழுங்கவும். இரவு உணவு உண்டவுடன் 1 மாத்திரை விழுங்கவும். ஒரு நாளைக்கு மொத்தம் 2 மாத்திரை." மாத்திரைக்கு "விழுங்கவும்" என்று போடுவதற்குக் காரணம் உண்டு, உணவையும் சாப்பிடுகிறோம், மாத்திரையையும் சாப்பிடுகிறோம் என்பதால் "சாப்பிட்ட பின்" என்பது எதைச் சாப்பிட்ட பின் என்ற மயக்கம் எழக்கூடும்.

இவ்வளவு எழுதியும் ஒன்று மிஞ்சுகிறது: சாப்பிடாத வேளையில் என்ன செய்வது? மெட்ஃபார்மினை உணவோடு சேர்ப்பது பெரும்பாலும் வயிற்றுப் புரட்டலையும் வயிற்றுப்போக்கையும் தவிர்க்க. கிளிமெபிரைடு போன்ற வேறு வகைச் சர்க்கரை நோய் மாத்திரையை விழுங்கிவிட்டு உண்ணாமல் இருந்தாலோ சர்க்கரை அபாயகரமாக இறங்கலாம். இரண்டு உறைகளிலும் இந்த வேறுபாடு எழுதப்படாமல் போகலாம்! இந்த வேறுபாட்டை மொழிபெயர்ப்பாளர் தாமாக ஊகித்து நிரப்பக்கூடாது. எழுதிய மருத்துவரைக் கேட்டே அந்த வரியைச் சேர்க்க வேண்டும்.

வாசகம் தேறுகிறதா என்று பார்க்கப் பெரிய செலவு ஆகாது. பத்துப் புளியங்கொட்டைகளையும், காலை, மதியம், இரவு என்று மூன்று கிண்ணங்களையும் வைத்து, உறையைப் படித்துவிட்டு நாளைக்குரிய மாத்திரைகளைப் போடச் சொல்லுங்கள். "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள், கொட்டை எந்தக் கிண்ணத்தில் விழுகிறது என்றுதான் பார்க்க வேண்டும்.