சீல் லீக் ஆனால் முதலில் டெம்பரேச்சரைத் தொடாதீர்கள்

மிளகாய்த்தூள் 50 கிராம் பவுச் போடும் லைன். கடைகளிலிருந்து ஒரே புகார்: "பெட்டிக்குள்ள தூள் கொட்டிக் கிடக்குது." இப்படிப் புகார் வந்தால் பெரும்பாலான இடங்களில் பவுச்சைச் சூட்டில் அழுத்தி ஒட்டும் சீலிங் ஜாவின் டெம்பரேச்சரைத்தான் ஐந்து டிகிரி ஏற்றுவார்கள். நாங்களும் அதைத்தான் செய்தோம். 165-இல் இருந்து 180 வரை போனது. சீல் ஓரத்தில் ஃபிலிம் சுருங்கியதே தவிர லீக் குறையவில்லை. அதன் பிறகுதான் வரையறுப்பது, அளவிடுவது, ஆராய்வது, மேம்படுத்துவது, கட்டுப்படுத்துவது என்று ஐந்து படிகளாகப் போகும் டிமெய்க் முறையில் உட்கார்ந்தோம்.

முதல் படி வரையறுப்பது. "சீலிங் சரியில்லை" என்று எழுதியிருந்ததை அடித்தோம். அது பிரச்சினை இல்லை, நாமே முடிவு கட்டிய காரணம். "மூன்று மிஷின்களிலும் வெளிவரும் 50 கிராம் மிளகாய்த்தூள் பவுச்களில் லீக்" என்று மட்டும் எழுதிக்கொண்டோம்.

அளவிடும் படியில்தான் அதிக நாள் போனது. தண்ணீருக்குள் பவுச்சை அமிழ்த்தி வாக்குவம் கொடுத்து, குமிழி வருகிறதா என்று பார்க்கும் சோதனை ஏற்கெனவே இருந்தது. நம்பர் ஒட்டிய 40 பவுச்களை மூன்று ஷிப்ட் இன்ஸ்பெக்டர்களிடம் தனித்தனியாகக் கொடுத்தேன். மூவரும் ஒரே பதில் சொன்னது 29 பவுச்சில்தான். பவுச்சின் பல் வெட்டு ஓரத்தில் ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழியையும் ஒருவர் லீக் என்று எண்ணியிருந்தார். ஒரே இடத்திலிருந்து விடாமல் குமிழி வந்தால்தான் லீக் என்று எழுதி, போட்டோவோடு ஒட்டினோம். மறுபடி பார்த்தபோது 38 பவுச்சில் ஒத்துப்போனார்கள். அதற்குப் பிறகு எடுத்த எண்ணிக்கையைத்தான் நம்பினோம்: 1000 பவுச்சில் 20 லீக். அதில் 14 இரண்டாம் மிஷினில்.

ஆராயும்போது கண்ணாடி போலத் தெரியும் ஒரு பிளாஸ்டிக் ஷீட்தான் கைகொடுத்தது. ஷீட்டைப் பவுச்சின் மேல் வைத்து, குமிழி வந்த இடத்தில் ஒரு புள்ளி. அடுத்த பவுச்சுக்கும் அதே ஷீட். ஜாவில் ஒரு பள்ளமோ, சூடு ஏறாத ஓரமோ இருந்தால் புள்ளிகள் ஒரே இடத்தில் குவியும். எங்கள் ஷீட்டில் அவை மேல் சீல், கீழ் சீல் முழுக்கச் சிதறிக் கிடந்தன. பின்பக்க நெடுக்குச் சீலில் இரண்டே புள்ளிகள். லீக்கான சீலைப் பிரித்து லென்ஸில் பார்த்தால், உள்ளே மெல்லிய சிவப்புக் கோடு. தூள் மாட்டியிருக்கிறது. ஃபிலிமின் உட்பக்கப் பாலிதீன் இரண்டும் ஒன்றையொன்று தொடவே இல்லையென்றால் எத்தனை டிகிரி கொடுத்தும் ஒட்டாது.

சரி, தூள் ஏன் ஜாவுக்குள் வருகிறது? இரண்டாம் மிஷினை மொபைலில் ஸ்லோ மோஷனில் எடுத்தோம். டோஸ் முடிந்த பிறகும், தூளை அளந்து கீழே தள்ளும் ஆகர் திருகு கொஞ்சம் ஓடுகிறது. தூள் இன்னும் சொட்டிக்கொண்டிருக்கும்போதே ஜா மூடுகிறது. ஆகர் பிரேக் லைனிங் தேய்ந்திருந்தது. எடைப் பதிவேட்டைப் புரட்டினால் அங்கேயும் சாட்சி: மற்ற இரண்டு மிஷின்களைவிட இதில் எடை அதிகம் ஏறி இறங்கியிருந்தது. வேறு கோப்பில் கிடந்த தகவல் என்பதால் இத்தனை நாள் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

மேம்படுத்தும்போது ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே. முதலில் டெம்பரேச்சரைத் திரும்ப 165-க்கு இறக்கினோம். லீக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பிறகு பிரேக் லைனிங் மாற்றினோம். பெரும்பகுதி அதிலேயே குறைந்தது. கடைசியாக, ஜா மூடுவதைக் கொஞ்சம் தாமதப்படுத்தினோம். இதனால் வேகம் நிமிடத்துக்கு 60 பவுச்சிலிருந்து 56 ஆனது. உற்பத்தி மேலாளர் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. கடையிலிருந்து திரும்பி வந்த பெட்டிகளை அவர் முன்னால் பிரித்துக் காட்டிய பிறகு சம்மதித்தார். அடுத்த 1000 பவுச்சில் 4 லீக்.

கட்டுப்படுத்தும் படியில் ஒரு சிக்கல் வரும், கவனியுங்கள். லீக் 2 சதவீதமாக இருந்தபோது 50 பவுச் எடுத்து, லீக் விகிதத்தைக் கண்காணிக்கும் பி சார்ட் போட்டால், 4 லீக் வந்தாலே எல்லை தாண்டியதாகத் தெரியும். இப்போது லீக் 0.4 சதவீதம். அதே 50 பவுச்சில் பெரும்பாலும் பூஜ்யம்தான் வரும். பிரேக் மெல்லத் தேயத் தொடங்கினாலும் சார்ட் நெடுநாள் வாய் திறக்காது. ஆகவே லீக்கை எண்ணுவதோடு நிற்காமல், டோஸுக்குப் பிறகு சொட்டும் தூளையும் அளக்கிறோம். ஒவ்வொரு ஷிப்ட் தொடக்கத்திலும் ஒரு டோஸ் விழுந்ததும் ஆகருக்கு அடியில் ஒரு காகிதத்தை நீட்டி, பிறகு விழும் தூளை எடை போட்டு எழுதுகிறார்கள். புது லைனிங் போட்ட வாரத்தின் அளவைப்போல் இரண்டு மடங்கு ஆனால், லீக் வந்ததா இல்லையா என்று பார்க்காமல் மெயின்டனன்ஸைக் கூப்பிட வேண்டும். டெம்பரேச்சர் கன்ட்ரோலரின் பாஸ்வேர்டு இப்போது ஷிப்ட் இன்சார்ஜிடம் மட்டுமே இருக்கிறது.