‘வரையறுக்கப்பட்ட நன்மை’ என்றால் குறைவாகத் தருவதா?

வவுனியாவில் நடந்த தொழிலாளர் விளக்கக் கூட்டம் ஒன்றில், தமிழில் அச்சடித்த தாளைப் பார்த்து ஓர் அம்மா கேட்டார்: “வரையறுக்கப்பட்ட நன்மைத் திட்டம் எண்டா, அளவாத்தான் தருவினம் எண்டதோ?” விளக்கம் சொல்ல வந்தவரும் தலையை ஆட்டி, “ஓம், ஒரு அளவுக்கு மேல தரமாட்டினம்” என்றார். தாளில் இருந்த பொருளுக்கு நேர் எதிரான பதில் அது. ஆனால் அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்தச் சொற்றொடரை வாசிக்கும் எவருக்கும் அப்படித்தான் படும். வங்கிகளின் ஆண்டறிக்கைகளிலும் பயிற்சிக் கையேடுகளிலும் இதே தொடரைத் திரும்பத் திரும்பப் பார்த்துச் சலித்துப்போனதால் எழுதுகிறேன்.

வேரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஓய்வூதியத் திட்டங்களில் ஆங்கிலத்தில் ‘டிஃபைன்ட் பெனிஃபிட்’, ‘டிஃபைன்ட் கொன்ட்ரிபியூஷன்’ என்று இரண்டு வகை. ‘டிஃபைன்’ என்பது எல்லை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் ‘வரை’யும் எல்லைதான், ‘அறு’த்தால் எல்லை கட்டியாயிற்று. அகராதிப்படி மொழிபெயர்ப்பில் பிழையில்லை. ஆனால் நம்முடைய பக்கத்தில் ‘வரையறுக்கப்பட்டது’ என்ற சொல்லுக்கு ஏற்கெனவே வேறொரு வேலை கொடுத்தாயிற்று. கூட்டுறவுச் சங்கத்துப் பெயர்ப்பலகையில் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் நிற்பது அதே சொல். அங்கே அது ‘லிமிடெட்’. பொறுப்புக்கு மேல்வரம்பு உண்டு என்று அர்த்தம். அதே சொல்லை ஓய்வூதியத்தில் கொண்டுவந்து வைத்தால் நன்மைக்கும் மேல்வரம்பு என்றுதானே வாசிப்பார்கள்?

சரி, பொருள் என்ன? ஓய்வூதிய ஏற்பாடு எதுவானாலும் இரண்டு முனை உண்டு: வேலை செய்யும் காலத்தில் உள்ளே போகும் பணம், ஓய்வுக்குப் பிறகு வெளியே வரும் பணம். இரண்டில் எந்த முனையை முன்கூட்டியே பேசி முடிக்கிறார்கள் என்பதுதான் வித்தியாசம். வெளியே வருவதைப் பேசி முடித்துவிட்டால் அது முதல் வகை, ‘டிஃபைன்ட் பெனிஃபிட்’. அங்கே உள்ளே எவ்வளவு போட வேண்டும் என்பது பிறகு வரும் சந்தை, வட்டி, ஆயுள் எல்லாவற்றையும் பொறுத்து ஏறி இறங்கும். குறைந்தால் வாக்குக் கொடுத்தவர் கட்ட வேண்டும். உள்ளே போவதைப் பேசி முடித்துவிட்டால் அது இரண்டாவது வகை, அங்கே வெளியே வருவது ஏறி இறங்கும். குறைந்தால் தொழிலாளி குறைவாக வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும்.

வன்னியில் வயல் குத்தகைக்கும் வாரத்துக்கும் கொடுக்கிறவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது கஷ்டமில்லை. குத்தகையில் ஏக்கருக்கு இத்தனை மூட்டை என்று பேசியாயிற்று. மழை பொய்த்தாலும் குளம் வற்றினாலும் காணிக்காரருக்குப் பேசிய மூட்டை வந்தாக வேண்டும், நட்டம் செய்கிறவருக்கு. வாரத்தில் விளைந்ததில்தான் பங்கு. ஓய்வூதியத்தில் தொழிலாளியைக் காணிக்காரராக வைத்துப் பாருங்கள். முதல் வகை அச்சாகக் குத்தகை. இரண்டாவது வாரத்தை விடவும் மோசம், ஏனென்றால் வாரத்திலாவது விளைச்சல் குறைந்தால் இரண்டு பேருக்கும் குறையும். இங்கே முதலாளி மாதாமாதம் தன் பங்கைக் கட்டியதோடு கை கழுவிவிடுவார், மிச்ச நட்டம் முழுவதும் தொழிலாளி தலையில்.

இந்த இரண்டு வகையும் இலங்கையில் ஒரே ஆளின் சம்பளத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வவுனியாவில் ஓர் அரிசி ஆலையில் 20 வருடம் வேலை செய்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். மாதச் சம்பளம் 60,000 ரூபா. ஆலையில் 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்கிறார்கள் என்றால், 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி முடிந்த ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசியாக வாங்கிய சம்பளத்தில் அரை மாதம் கொடுக்க வேண்டும். ஐந்து வருடமாவது வேலை செய்திருந்தால் போதும். அரை மாதம் 30,000, இருபது வருடத்துக்கு 600,000 ரூபா. மறுபக்கம் ஊழியர் சேமலாப நிதி, அதாவது ஈ.பி.எவ். இவரிடமிருந்து 8 வீதம், முதலாளியிடமிருந்து 12 வீதம், ஆக மாதம் 12,000 ரூபா உள்ளே போகிறது. வெளியே எவ்வளவு வரும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

இப்போது கடைசி வருடத்தில் சம்பளத்தை 75,000 ஆக்குகிறார்கள் என்று வையுங்கள். ஈ.பி.எவ்வுக்கு மாதம் 3,000 கூடுகிறது, வருடத்துக்கு 36,000. அவ்வளவுதான். முந்திய 19 வருடத்தை அது தொடாது. பணிக்கொடையோ அரை மாதம் 37,500 ஆகி, இருபது வருடத்துக்கும் சேர்த்து 750,000 ஆகிவிடுகிறது. ஒரு சம்பள உயர்வு இருபது வருடம் பின்னால் போய் 150,000 ரூபாவைத் தூக்குகிறது. அந்தச் சுமை முழுக்க முதலாளிக்கு. பணிக்கொடை ‘அளவாகத் தருவது’ என்று சொன்னவருக்கு இந்தக் கணக்கைத்தான் காட்ட வேண்டும்.

மற்றப் பக்கத்தில் என்ன நடக்கும் என்பதை 2022 காட்டியது. அந்த வருடம் ஈ.பி.எவ்வுக்கு அறிவித்த வட்டி 9 வீதம். கணக்கில் பத்து இலட்சம் இருந்தவருக்கு அது 1,090,000 ஆனது. ஆனால் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி அந்த டிசம்பரில் பணவீக்கம் 57.2 வீதம். வருடத் தொடக்கத்தில் பத்து இலட்சத்துக்கு வாங்கிய சாமான்களுக்கு 1,572,000 வேண்டியிருந்தது. பெறுமதியில் ஏறக்குறைய 31 வீதம் கரைந்துபோயிற்று. நிதியின் பெரும்பகுதி திறைசேரி முறிகளில் கிடந்ததால், விலை பறக்கும்போது வட்டி பழைய வீதத்திலேயே நின்றது. முதலாளி எவரும் அந்த இடைவெளியை நிரப்பவில்லை, சட்டமும் கேட்கவில்லை. அவர்கள் 12 வீதம் கட்டினார்கள், கடமை முடிந்தது. அரச பென்சன்காரருக்கும் அந்த வருடம் அடிதான், அதை மறுக்கவில்லை. ஆனால் அவருடைய தொகை எந்த முதலீடு என்ன வட்டி தந்தது என்பதைப் பொறுத்து அறிவிக்கப்படுவதில்லை.

இனிச் சொல்லுக்கு வருவோம். ‘வரையறுக்கப்பட்ட’ வேண்டாமென்றால் வேறென்ன? சிலர் ‘நிலையான நன்மை’ என்கிறார்கள். மேலே பார்த்த பணிக்கொடை ஒரே வருடத்தில் ஆறு இலட்சத்திலிருந்து ஏழரை இலட்சத்துக்குத் தாவியது. அதில் நிலைத்து நின்றது கணக்குப் போடும் முறை மட்டும்.

‘உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியம்’ இதைவிடக் கவர்ச்சி, அதனால் இதைவிட ஆபத்து. வாக்குக் கொடுப்பது வேறு, அதற்குக் காசு இருப்பது வேறு. பணிக்கொடைக்குப் பெரும்பாலான தனியார் நிறுவனங்கள் தனியாகப் பணம் ஒதுக்கி வைப்பதில்லை, புத்தகத்தில் ஒரு பொறுப்பாக எழுதி வைக்கிறார்கள். ஆலை முறிந்து மூடினால் அந்தத் தொழிலாளிக்குக் கிடைப்பது அங்கே மிஞ்சிய சொத்தைப் பொறுத்ததுதான். முதலீட்டு இடர் முதலாளிக்குப் போன அதே நேரத்தில், முதலாளியே விழுந்துவிடும் இடர் தொழிலாளியிடம் தங்கிவிடுகிறது. இதற்கு வன்னியில் கையெட்டும் தூரத்திலேயே உதாரணம் உண்டு: 1987ஆம் ஆண்டின் சட்டத்தில் வந்த கமக்காரர் ஓய்வூதியம். சேரும் வயதைப் பொறுத்து இவ்வளவு கட்டு, 60 வயதிலிருந்து மாதம் இவ்வளவு வரும் என்று பேசிய திட்டம். ஒரு கட்டத்தில் நிதி வற்றிக் கொடுப்பனவு நின்றது. திறைசேரிப் பணம் வந்த பிறகுதான் மறுபடி தொடங்கியது. கமநல நிலையத்துக்கு அலைந்த வயதானவர்களிடம் போய் அதை ‘உறுதியளிக்கப்பட்டது’ என்று சொல்லிப் பாருங்கள்.

அதே திட்டம் இன்னொரு சொல்லையும் கவிழ்க்கிறது. தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் முதல் அரச வேலையில் சேர்ந்தவர்களுக்குக் கொண்டுவந்ததைப் ‘பங்களிப்பு ஓய்வூதியம்’ என்கிறார்கள். அது அந்தத் திட்டத்தின் பெயர், இருக்கட்டும். நம்மவர்கள் அதைத் தூக்கிவந்து இரண்டாவது வகைக்கே பொதுப்பெயராக்குவதுதான் எரிச்சல். கமக்காரரும் பணம் கட்டினார். ஆனால் அவர் பெறுவது முன்கூட்டியே பேசியது, ஆகவே அது முதல் வகை. தொழிலாளி கட்டுகிறாரா இல்லையா என்பது ஒரு கேள்வி. எந்த முனையைப் பேசி முடித்தார்கள் என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒரே சொல்லுக்குள் அடைத்தால், ‘நீங்களும் கட்டுகிறீர்கள், அதனால் நட்டமும் உங்களுக்குத்தான்’ என்று யாராவது ஏமாற்றும்போது மறுத்துப் பேசச் சொல் இருக்காது.

‘நன்மை’யும் எனக்குப் பிடிக்கவில்லை. நன்மைக்கு எதிர் தீமை. சம்பளத்தின் பின்தள்ளிப் போட்ட பகுதியை நன்மை என்று எழுதும்போது யாரோ தர்மம் செய்தது போல ஆகிவிடுகிறது. ஆங்கிலத்தில் ஒரு சொல் இருக்கிறதென்றால் எல்லா இடத்திலும் அதற்கு ஒரே தமிழ்ச் சொல்தான் என்று பட்டியல் வைத்து மாற்றும் மொழிபெயர்ப்பாளர்கள் இதைச் செய்கிறார்கள்.

என் தெரிவு: பெறுதொகை நிர்ணயித்த ஓய்வூதியம், கட்டுதொகை நிர்ணயித்த ஓய்வூதியம். ‘முதலாளி ஈ.பி.எவ். கட்டுறாரோ?’ என்றுதானே எல்லோரும் கேட்கிறோம், ‘பங்களிக்கிறாரோ’ என்று எவரும் கேட்பதில்லை. ‘நிர்ணயம்’ வடசொல் என்று தனித்தமிழ் நண்பர்கள் முகம் சுளிப்பார்கள். நெல்லுக்கு விலை நிர்ணயம் என்று ஒவ்வொரு போகமும் பேசுகிற ஊரில் அது யாருக்கும் அந்நியமில்லை. அந்தச் சொல்லில் ‘குறைவு’ என்ற நாற்றமும் கிடையாது, ‘நிச்சயம் கைக்கு வரும்’ என்ற பொய்யும் கிடையாது. தூய்மைதான் முக்கியம் என்பவர்கள் ‘பேசிய பெறுதொகை’, ‘பேசிய கட்டுதொகை’ என்று எழுதட்டும், எனக்கு மறுப்பில்லை.

அதுவரைக்கும் கையில் ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கை வந்தால் ‘ஊழியர் நன்மைகள்’ என்ற குறிப்பைப் புரட்டிப் பாருங்கள். ஒரு திட்டத்துக்கு எதிரே பல வருடத்துப் பொறுப்பு ஒரு பெரிய தொகையாக நின்று, பக்கத்தில் வருங்காலத் தொகையை இன்றைய பெறுமதிக்குக் குறைக்கும் கழிவு வீதம், சம்பள உயர்வு வீதம் என்ற எடுகோள்களும் இருந்தால் அது பெறுதொகை நிர்ணயித்தது. அந்த எடுகோள் பிழைத்தால் நட்டம் நிறுவனத்தின் கணக்கில் விழும். அந்த வருடம் கட்டிய தொகை மட்டும் செலவாக எழுதப்பட்டு அதோடு முடிந்திருந்தால் அது கட்டுதொகை நிர்ணயித்தது. மேலே தமிழில் என்ன தலைப்புப் போட்டிருந்தாலும் சரி.