ஜாலி: மணப்பெண் மருதாணியின் வலைப்பின்னல்

மணப்பெண் மருதாணியில், சாய்கோடுகள் ஒன்றையொன்று வெட்டிச் சின்னச் சின்னக் கட்டங்களாக நிற்கும் பகுதியை மெஹந்தி போடுபவர்கள் 'ஜாலி' என்பார்கள். 'ஜாலியா இருக்கு' என்பதற்கும் இதற்கும் உறவில்லை. வலையைக் குறிக்கும் 'ஜால' என்ற வடசொல்லில் பிறந்து, காற்றும் வெளிச்சமும் புகக் கல்லில் குடைந்த சன்னல் தட்டிக்கு இந்தியில் பெயரானது. அகமதாபாத்தில் 1573 வாக்கில் எழுந்த சிதி சையத் மசூதியின் சன்னல்கள் இந்த ஜாலிக்குப் பேர் போனவை. அதே வலைபோன்ற தோற்றத்தால்தான் கையில் போடும் மருதாணிக் கட்டங்களுக்கும் இந்தப் பெயர்.

தமிழில் 'வலைப்பின்னல்' போதும். அகராதியிலுள்ள 'சாலகம்' பலருக்குப் புரியாது. ஒவ்வொரு கட்டத்தையும் 'கண்' எனலாம். மீன்வலையின் துளை வலைக்கண்தானே. பலகணியில் இருப்பதும் அதே கண்.

மெஹந்தி போடுபவரைத் தேர்ந்தெடுக்க இரண்டு மருதாணிப் படங்களை ஒப்பிடும்போது முதலில் இந்தக் கண்களைப் பாருங்கள். பூவிலும் மாங்காயிலும் பிழையை மறைக்கலாம், வலைப்பின்னலில் முடியாது.

இரண்டிலும் முழங்கைக்குக் கீழிருந்து மணிக்கட்டு வரை வலைப்பின்னல் என்று வைத்துக்கொள்வோம். முதல் படத்தில் மேலே குறுக்காக 10 கண்கள், மணிக்கட்டிலும் 10. கை ஒடுங்க ஒடுங்கக் கண்ணும் சிறுத்திருக்கிறது. இரண்டாவதில் கண்ணின் அளவு மாறவில்லை. மேலே 10 இருந்தது மணிக்கட்டில் 7 ஆகி, ஓரங்களில் பாதிக் கண்கள் வெட்டுப்பட்டு நிற்கின்றன. தனித்தனிக் கோடாகப் பார்த்தால் இரண்டாவது இன்னும் நேர்த்தியாகக்கூட இருக்கும். ஆனால் கைக்குப் பொருந்தியது முதலாவதுதான்.

நுணுக்கத்தைப் படத்தை வைத்து அளப்பதில் ஏமாற வாய்ப்புண்டு. கிட்டே வைத்து எடுத்தால் எல்லாக் கண்ணும் பெரிதாகத் தெரியும். அதனால் மணிக்கட்டின் அகலத்துக்கு எத்தனை கண் என்று எண்ணி ஒப்பிடுங்கள். கூடவே, கோட்டுக்கும் இடைவெளிக்கும் உள்ள விகிதத்தையும் பாருங்கள். விழுது ஈரமாக இருக்கும்போது கோடு மேடாக, கூர்மையாகத் தெரியும். சிவந்த பிறகு அதன் ஓரம் கொஞ்சம் பரவும். கோட்டின் தடிமன் அளவுக்காவது இடைவெளி இல்லாவிட்டால் கண் அடைபட்டு ஒரே திட்டாகிவிடும். உள்ளங்கையில் தோல் தடிப்பு, நிறமும் கூடுதலாக ஏறும். புறங்கையில் எடுபட்ட பொடிக்கண் அங்கே அடைபட்டுப் போவதுண்டு.

சமநிலைக்கு இரு கைகளையும் சேர்த்து நீட்டிய படம் வேண்டும். ஒரு கையில் வலைப்பின்னல் முடியும் உயரத்திலேயே மறுகையிலும் முடிய வேண்டும். அடுத்து வெறும் தோலாக ஒரு விரல் அகலமாவது விட்டிருக்க வேண்டும். அந்த இடைவெளி இல்லாத கை, தள்ளி நின்று பார்த்தால் கையுறை போட்டதுபோல்தான் இருக்கும்.

விழுதோடு எடுத்த படத்தை மட்டும் காட்டுபவரிடம், உதிர்த்து 2 நாள் கழித்து எடுத்த படத்தைக் கேளுங்கள். நிறம் முழுதாக ஏற அவ்வளவு நேரம் ஆகும்.