தொங்கினால் அசிங்கமா? முறுக்கிய வடத்தில் ஏறிய மூன்று டன்

கடலூர் முதுநகர் பக்கம் ஒரு இறால் பண்ணைக்கு, உப்பனாற்றின் கிளை வாய்க்காலுக்கு மேலே தண்ணீர்க் குழாயை இரண்டு கம்பிவடங்களில் தொங்கவிட்டிருந்தார்கள். நான் போனபோது வடம் கிட்டத்தட்ட நேராக நின்றது. கேட்டதற்கு மேஸ்திரி, "தொங்கினா பாக்க அசிங்கமா இருந்துச்சு சார், அதான் செயின் பிளாக் போட்டு இழுத்து முறுக்கிட்டோம்" என்றார். நங்கூரக் கட்டைக்குப் பின்பக்கம், கரை மண்ணிலிருந்து விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தது. கட்டை வாய்க்காலை நோக்கி நகர்ந்திருக்கிறது.

தூணுக்குத் தூண் 40 மீட்டர், இரண்டு தலையும் ஒரே மட்டம். குழாய், உள்ளே தண்ணீர், நடைபலகை, ஆள் எல்லாம் சேர்த்து ஒரு வடத்துக்கு மீட்டருக்கு 100 கிலோ. இந்தச் சுமை படுக்கை நீளத்தில் சமமாகப் பரவுவதால் வடம் பரவளையமாகத் தொங்கும். வடத்தின் சொந்த எடை மீட்டருக்கு ஒன்றரை கிலோ சொச்சம்தான், விட்டுவிடலாம். வரைபடத்தில் தொய்வு 4 மீட்டர்.

பாதி வடத்தை மட்டும் எடுத்துப் பாருங்கள். அதன் மேல் 2,000 கிலோ, தூணிலிருந்து 10 மீட்டரில் இறங்குகிறது. அந்தத் திருப்பத்தைத் தாங்குவது நடுப்புள்ளியில் உள்ள கிடை இழுவிசை மட்டுமே, அதற்குக் கிடைக்கும் நெம்புகோல் கை 4 மீட்டர் தொய்வு. 2,000-ஐ 10-ஆல் பெருக்கி வரும் 20,000-ஐ 4-ஆல் வகுத்தால் 5,000 கிலோ, அதாவது 5 டன். கிடை இழுவிசை வடம் முழுக்க மாறாது. தூண் தலையில் அதோடு 2 டன் செங்குத்துச் சுமையும் சேர்வதால் உச்ச இழுவிசை √(25+4), சுமார் 5.4 டன். வடம் 24 டன்னில் அறுபடும் வகை. நாலில் ஒரு பங்கான 6 டன் வரை அனுமதி, எனவே சரி.

முறுக்கிய பிறகு அளந்தால் தொய்வு 2.5 மீட்டர். கை குறைந்தது, கிடை இழுவிசை 8 டன்னாகியது, தலையில் 8.25. குழாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடவில்லை. நங்கூரக் கட்டை வடிவமைக்கப்பட்டது 5 டன் கிடை இழுப்புக்கு, அதனால்தான் நகர்ந்தது.

இதற்கு எவ்வளவு வடத்தை இழுத்திருப்பார்கள்? S வடத்தின் நீளம், L தூண்களுக்கு இடையே உள்ள தூரம், h தொய்வு என்றால்:

```
S ≈ L [1 + (8/3)(h/L)² − (32/5)(h/L)⁴]
```

தொய்வு 4 என்றால் தூண்களுக்கு இடையே 41.04 மீட்டர், 2.5 என்றால் 40.41. வெறும் 63 சென்டிமீட்டர்! தொய்வு குறையக் குறைய நிலைமை மோசம்: 1 மீட்டர் தொய்வில் வட நீளம் 1 சென்டிமீட்டர் மாறினாலே தொய்வு ஏழரை சென்டிமீட்டர் மாறும். நேராக்க நினைப்பவர் கணக்கே தெரியாமல் டன் கணக்கில் ஏற்றிவிடுகிறார்.

கண்டுபிடிக்க லெவல் கருவி இல்லையென்றாலும் பரவாயில்லை. தூண் தலையில் வடத்தின் சாய்வு 4h/L. வரைபடப்படி அது 0.4, அதாவது சுமார் 22 பாகை. கோணமானியை வைத்துப் பார்த்தோம், 14 காட்டியது.

முதலில் குழாயைக் காலி செய்தோம். கட்டைக்குப் பின்னால் மண்ணைக் கெட்டித்து, முன்பக்கம் கான்கிரீட் முட்டு கொடுத்த பிறகே கிளாம்பைத் தளர்த்தி, 63 சென்டிமீட்டர் விட்டோம். வடம் நடுவில் ஒன்றரை மீட்டர் இறங்கியது, அதற்கேற்ப நடுத்தொங்கு கம்பிகளைக் குட்டையாக்கி, குழாயைப் பழைய மட்டத்துக்கே கொண்டுவந்தோம். தண்ணீர் விட்ட பின் கோணமானியில் 22.