பர்னர் – எரிப்பான்: சொல்லும் மஞ்சள் சுடரும்

கேஸ் அடுப்பில் சுடர் எழும் உறுப்பை நாம் அழைக்கும் ‘பர்னர்’ என்பது எரித்தல் என்னும் பொருளுடைய ஆங்கில வினையோடு, செய்கிற கருவியைக் குறிக்கும் விகுதி சேர்ந்து உண்டான பெயர். தமிழில் இதற்கு ஈடாக வழங்கும் ‘எரிப்பான்’ அதே முறையில் அமைந்தது. தானாக எரிவது எரி. பிறிதொன்றை எரியச் செய்வது எரிப்பு. அதன்மேல் ஆன் விகுதி ஏறியிருக்கிறது. பள்ளி ஆய்வகத்தில் பன்சன் பர்னரைச் ‘சுடரடுப்பு’ என்பதும் உண்டு. அடு என்றால் சமைத்தல். அடுப்பும் அடிசிலும் அதிலிருந்து வந்தவை. ஆய்வகத்தில் யாரும் சமைப்பதில்லை என்பதாலும், நம் சமையலறையில் அடுப்பு முழுவதற்கும் அப்பெயர் ஏற்கெனவே இருப்பதாலும், வீட்டுக் கருவியின் இந்த உறுப்புக்கு எரிப்பான் என்பதே பொருந்தும் என்று கருதுகிறேன்.

பேச்சு வழக்கில் ஒரு சிக்கல் இருக்கிறது. பர்னர் என்றவுடன் நாம் கையில் எடுப்பது மேலே கழன்று வரும் பித்தளை மூடியை மட்டுமே. உண்மையில் எரிப்பான் என்பது, எரிவளி பீய்ச்சி வரும் ஜெட் என்னும் நுண்துளைப் பித்தளைத் துண்டு, அதற்கு எதிரே வாய் திறந்திருக்கும் கலவைக் குழல், துளைகள் கொண்ட மூடி ஆகிய மூன்றும் சேர்ந்தது. ஜெட்டிலிருந்து வேகமாக வெளிப்படும் எரிவளி, சுற்றியுள்ள காற்றைக் குழலுக்குள் இழுத்துக்கொண்டு போகிறது. எரியும் முன்பே காற்றைக் கலக்கும் இந்த வழியைத்தான் 1855ஆம் ஆண்டளவில் ஹைடல்பெர்க்கில் ராபர்ட் பன்சனும் கருவி செய்பவரான பீட்டர் டெசாகாவும் தங்கள் கருவியில் கையாண்டார்கள். அதன் காற்றுத் துளையை மூடினால் நீலச் சுடர் மஞ்சளாவதைப் பள்ளியில் பலர் பார்த்திருப்போம்.

வீட்டில் நடப்பதும் அதுவே. சிலிண்டர் எரிவளியில் கலந்திருக்கும் புரோப்பேன், கன அளவில் ஒரு பங்கு முழுமையாக எரிய ஏறத்தாழ 24 பங்கு காற்றும், பியூட்டேனுக்கு 31 பங்கும் வேண்டும். காற்று குறைந்தால் எரியாத கரித்துகள்கள் சூட்டில் ஒளிர்ந்து சுடரை மஞ்சளாக்கிப் பாத்திரத்தின் அடியில் கரியாகப் படிகின்றன. மணமில்லாத நச்சான கார்பன் மோனாக்சைடும் உண்டாகலாம். ஆனால் சாம்பார் பொங்கி வழிந்தபின் சுடரில் அங்கங்கே தெறிக்கும் ஆரஞ்சுப் பொறி உப்பிலுள்ள சோடியத்தின் நிறம். அது கரி பிடிக்காது, சிறிது நேரத்தில் அடங்கிவிடும்.

கோடையில் மூன்று வாரம் ஊருக்குப் போய்த் திரும்பிய எங்கள் வீட்டில், சிறிய எரிப்பான் மட்டும் மஞ்சளாக அசைந்தாடி எரிந்தது; பெரியது நீலமாகவே இருந்தது. இரண்டுக்கும் சிலிண்டரும் ரெகுலேட்டரும் பொது என்பதால் குறை அந்த ஒரு எரிப்பானுக்குள்தான் இருக்க வேண்டும். மூடியை வெந்நீரில் சோப்புப் போட்டு ஊறவைத்து, துளைகளை மெல்லிய ஊசியால் குத்தி, ஈரம் போக உலர்த்தி மாட்டியும் பயனில்லை. பிறகு ரெகுலேட்டரை மூடி, அடுப்பு ஆறியபின் குழலைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே சிலந்திக் கூடு. பாட்டில் கழுவும் பிரஷ்ஷால் துடைத்ததும் சுடர் நீலமாயிற்று. மூடியை மட்டும் பர்னர் என்று எண்ணியதன் விலை, வீணாய்ப் போன அரை நாள். ஒன்று மட்டும் எச்சரிக்கை: ஜெட்டின் துளையில் ஊசியை விடக்கூடாது, துளை சற்று அகன்றாலும் எரிவளி மிகுந்து மஞ்சள் கூடும்.

சில அடுப்புகளில் குழலின் வாயருகே திருகுடன் ஒரு காற்றுத் தடுப்பு வளையம் இருக்கும்; பல வீட்டு அடுப்புகளில் இருக்காது. இருந்தால், துப்புரவு முடிந்தபின் அதைச் சிறிது சிறிதாகத் திறக்க வேண்டும். மஞ்சள் நுனி மறைந்து, உள்ளே தெளிவான நீலக் கூம்பு தெரியும் இடமே சரியான நிலை. அதற்கும் மேல் திறந்தால் சுடர் துளையைவிட்டு எழும்பி இரையும்.

எல்லா எரிப்பான்களும் ஒருசேர மஞ்சளானால் பார்வையை ரெகுலேட்டர் பக்கம் திருப்ப வேண்டும். ‘ஒழுங்குபடுத்தி’ என்பதைவிட ‘அழுத்தச் சீராக்கி’ என்பதே அதன் வேலையைச் சொல்கிறது. சிலிண்டரின் மிகுந்த அழுத்தத்தை அது ஏறத்தாழ 30 மில்லிபாராகக் குறைத்துச் சீராகத் தருகிறது. அழுத்தம் தாழ்ந்தால் ஜெட்டின் வேகம் குறைந்து காற்றை இழுக்க மாட்டாது. சிலிண்டர் தீரும் தறுவாயிலும் எல்லாச் சுடரும் மஞ்சளாகலாம் என்பதால், முதலில் சிலிண்டரைத் தூக்கி எடை பார்ப்பது நல்லது. புதிய சிலிண்டரிலும் மஞ்சள் நீடித்தால் சீராக்கியைப் பிரிக்காமல், விநியோகிப்பவரிடம் கொடுத்து மாற்றிக்கொள்ள வேண்டும்.

எதைக் கழற்றி மாட்டினாலும், அடுப்பின் குமிழ்களை மூடி, ரெகுலேட்டரைத் திறந்து, ரப்பர்க் குழாயின் இரு முனைகளிலும் ரெகுலேட்டர் இணைப்பிலும் சோப்பு நுரை தடவிப் பார்க்க வேண்டும். தீக்குச்சி கொளுத்திப் பார்க்கவே கூடாது. குமிழி கிளம்பினால் ரெகுலேட்டரை மூடி, மின்விசைகள் எதையும் தொடாமல் கதவு சன்னல்களைத் திறந்து வெளியே வந்து, இந்தியாவில் 1906 என்னும் அவசர எண்ணை அழைக்க வேண்டும். எரிவளி காற்றைவிடக் கனமானது. தரையோடு தேங்கி நிற்கும்.