அகல் குடிக்கும் எண்ணெய்

அகல் வாங்கிப்போன அத்தனை வீட்டாருக்கும் கார்த்திகை தீப வாழ்த்துகள். சென்னை கொசப்பேட்டைப் பக்கம் அகல் விற்கிறவர்கள் காசை வாங்கும்போதே ஒன்று சொல்லிவிடுவார்கள்: "தண்ணில ஊறப்போட்டு ஏத்தும்மா, இல்லன்னா எண்ணெயைக் குடிச்சிடும்." எண்ணெய் மிச்சமாகும் என்ற அளவில்தான் பலரும் இதை எடுத்துக்கொள்கிறார்கள். விளக்கு மொத்தமாகப் பற்றிக்கொள்ளாமல் இருப்பதும் இதில்தான் தொடங்குகிறது.

சூளையில் வெந்த அகல் தொட்டால் கல் மாதிரி இருக்கும். ஆனால் உள்ளே முழுக்க நுண்துளைகள். திரி எப்படி எண்ணெயை இழுத்து மேலே ஏற்றுகிறதோ, அதே மாதிரி அகலின் சுவரும் இழுக்கும். 30 கிராம் எடையுள்ள சின்ன அகல் ஒன்று 3 முதல் 4 மி.லி. வரை இழுத்துக்கொள்ளும். 27 நட்சத்திரக் கணக்குக்கு 27 அகல் வைத்தால், கிட்டத்தட்ட 100 மி.லி. நல்லெண்ணெய் சுடராகாமல் மண்ணுக்குள்ளேயே போகும்.

நேரக் கணக்கைப் பாருங்கள். அகலில் 15 மி.லி. எண்ணெய் ஊற்றுகிறீர்கள். சாதாரணப் பஞ்சுத்திரி மணிக்குச் சுமார் 5 மி.லி. எரிக்கும் என்று வைத்தால், 6 மணிக்கு ஏற்றிய விளக்கு 9 மணி வரை நிற்க வேண்டும். மண் 4 மி.லி. குடித்துவிட்டால் 8 மணி தாண்டியதுமே வற்றிவிடும். எல்லோரும் உள்ளே பொரி உருண்டையோடு உட்கார்ந்திருக்கிற நேரம் அது.

எண்ணெய் நிறைய இருக்கும்வரை திரியின் நுனி மட்டும்தான் எரியும். மூழ்கிய பகுதியை எண்ணெய் சூடேறவிடாது. வற்றியதும் சுடர் திரியோடு பின்னால் நகர்ந்து உள்ளே இறங்கும். அடியில் மிச்சமிருப்பது மெல்லிய படலம். சீக்கிரம் சூடாகி ஆவி கிளம்பும். நல்லெண்ணெய் அளவுக்கு மீறிச் சூடானால் திரியே இல்லாமல் அதன் மேற்பரப்பு முழுக்கத் தீப்பிடிக்கும். சுடர் திடீரென்று இரண்டு மடங்கு பெரிதாகி, கறுப்புப் புகை விட்டால் இதுதான் நடக்கிறது. அழகுக்காக அகல்களை ஒட்டி ஒட்டி வைத்தால் ஒன்றின் அனல் அடுத்ததையும் சூடேற்றிவிடும். நடுவில் நாலு விரல் இடம் விடுங்கள்.

அப்படிப் பற்றிக்கொண்ட விளக்கில் தண்ணீர் ஊற்றவே கூடாது. தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் போய், கொதித்து, சுமார் 1,600 மடங்கு பருத்து ஆவியாகும். மேலே எரிகிற எண்ணெயைத் தூக்கி வீசும். வாயால் ஊதினாலும் எண்ணெய் தெறிக்கும். எவர்சில்வர் மூடியையோ மண்சட்டியையோ பக்கவாட்டிலிருந்து கவிழ்த்து மூடுங்கள். காற்று கிடைக்காமல் தீ அடங்கும். உடனே திறந்து பார்க்காதீர்கள். எண்ணெய் ஆறாமல் இருந்தால் மறுபடி பிடிக்கும்.

இனி ஊறவைக்கும் முறை. அகலைத் தண்ணீரில் முக்கியதும் குமிழ் குமிழாக வரும். துளையிலிருந்த காற்று வெளியேறுகிறது. குமிழ் நின்ற பிறகும் 2 மணி நேரம் கிடக்கட்டும். எடுத்துத் துணியால் துடைத்து, நிழலில் அரைமணி நேரம் கவிழ்த்து வையுங்கள். நிறையப் பேர் சறுக்குவது இந்த இடத்தில்தான்: நாள் முழுக்க மொட்டை மாடி வெயிலில் காயவைத்து, ஊறிய தண்ணீரையெல்லாம் விரட்டிவிட்டுத்தான் எண்ணெய் ஊற்றுகிறார்கள். மேல்பரப்பு காய வேண்டும், துளைக்குள் ஈரம் நிற்க வேண்டும். உட்குழியில் ஈரம் தங்கினால் திரி சடசடவென்று வெடிக்கும். பெயின்ட் அடித்த அகலை முக்கினால் சாயம் உரியக்கூடும். குழியில் மட்டும் தண்ணீர் ஊற்றி வைத்தால் போதும். போன வருஷத்து அகல் ஏற்கெனவே எண்ணெய் குடித்தது, ஊறவைக்கத் தேவையில்லை. ஆனால் அதன் விளிம்பில் பிசுக்கு இருந்தால் மண்ணே திரியாகி எரியும். வெந்நீரில் சீயக்காய் போட்டுத் தேய்த்துவிடுங்கள்.

தேங்காய் எண்ணெய் மட்டும் ஊற்றுவதை இந்த மாதத்தில் தவிர்க்கலாம். 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்து, திரி ஏறாது.

ராயபுரம், காசிமேடு பக்கம் கடல் காற்று சுடரைச் சாய்த்து விளிம்பை ஒரே பக்கம் சுடும். அங்கே அகல் விரிசல் விடும். திரி முகம் காற்று வரும் திசைக்கு மறுபக்கம் இருக்கட்டும், நுனி அரை சென்டிமீட்டருக்கு மேல் நீள வேண்டாம். சந்து வீடுகளில் வாசலை ஒட்டியே வண்டி நிற்கும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாகப் பரவும். அகலும் தரையில்தான் இருக்கிறது. அன்று சாயங்காலம் வண்டியைத் தெருமுனையில் நிறுத்திவிடுங்கள்.

8 மணிக்கு முன்னால் ஒரு சுற்று வந்து பாருங்கள். எரியும் சுடர்மேல் பாட்டிலைச் சாய்க்காமல், திரிக்கு எதிர்ப்பக்கம் கரண்டியால் மெல்ல ஊற்றுங்கள். போதும் என்றால் விளக்கை மலையேற்ற ஒரு குச்சியால் திரி நுனியை எண்ணெய்க்குள் இழுத்துவிட்டால் ஆயிற்று. குளிர்ந்த எண்ணெயில் ஆவி கிளம்பாது, சுடர் புகையில்லாமல் அடங்கும். அதற்கும் அகலில் பாதி எண்ணெயாவது இருக்க வேண்டும்.